சாயாக் கறை என்று சொல்லித் தந்த சட்டை

விரல்கள் வெள்ளைப் பருத்திச் சட்டையின் கைமடிப்பைச் சுடுதண்ணீரில் முக்கி, சவுக்காரம் தேய்த்துக் கசக்கின. சாயாக் கறை என்று சொல்லியிருந்தார்கள். சாயா என்றால் இதற்குள் இளகியிருக்கும். நுரையை வழித்துப் பார்த்தால், காலையில் மங்கல் பழுப்பாக இருந்தது இப்போது கருப்பட்டி நிறம்.

கைகள் நின்றன. மட்டாஞ்சேரியில் முப்பது வருடமாகத் துணி வெளுக்கும் பேச்சியின் கைகள் அவை. சவுக்காரம் பட்டு இப்படிக் கருப்பது வாழைக்கறை.

பல துணிகளைக் கெடுத்து அவளே கண்டுபிடித்த முறை ஒன்று உண்டு. மண்ணெண்ணெயால் பிசினை இளக்கி அலச வேண்டும். பிறகு ஆக்ஸாலிக் தூள் கரைத்த தண்ணீரில் ஊறல். பிளாஸ்டிக் வாளியில்தான், இரும்பு பட்டால் கறை கறுத்துவிடும். அப்படியும் மிச்சமிருந்தால், நன்றாக அலசிய பிறகே ப்ளீச்சிங் பவுடர். இரண்டும் கலந்தால் எழும் புகையில் மூச்சு அடைக்கும்.

சட்டை வெங்கிடராமனுடையது. சைபுதீன் முதலாளியின் வாழைக்குலை கோடவுனில் அவன் மேற்பார்வையாளன். குலையைத் தொடுகிற ஆள் இல்லை. நேற்று முதலாளியும் மற்றவர்களும் ஜும்மா தொழுகைக்குப் போன நேரத்தில் பன்னிரண்டு குலைகளில் யாரோ சீப்புகளை அறுத்துக் கடத்திவிட்டார்கள். பழி அங்கே சுமை தூக்கும் சுடலைமணிமேல் விழுந்தது. அவன் பேச்சியின் தங்கச்சி மகன். இன்று நாலு மணிக்கு அவனைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிறார்கள்.

சுமக்கிறவனுக்குக் கறை தோளில் இருக்கும். இந்தச் சட்டையில் இடது கைமடிப்பிலிருந்து முழங்கைவரை சொட்டுச் சொட்டாக இருந்தது. சீப்பை இடது கையில் தாங்கி அறுத்தவனுக்கு விழும் கறை.

வெளுக்கும் கொட்டகையின் வாசலில் நிழல் விழுந்தது. வெங்கிடராமன்.

"பேச்சியக்கா, இன்னும் கல்லுலதான் கிடக்கா?"

"சாயா எந்தக் கடையில சார் குடிச்சீங்க? கெட்டிச் சாயாவா இருக்கே."

அவன் சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

"நாலு மணிக்கு இதைப் போட்டுட்டுத்தான் ஸ்டேஷன் போறேன். ஒரு பொட்டு இருக்கக் கூடாது. இந்தக் கொட்டகை யாரோட இடம்?"

"முதலாளியோடது."

"முதலாளி யார் சொல்றதைக் கேக்கறார்?"

பதிலுக்கு நிற்காமல் போனான்.

ஆக்ஸாலிக் வாளி பக்கத்திலேயே இருந்தது. இப்போது ஊறவைத்தால் நாலு மணிக்குள் முக்கால்வாசி வெளுத்துவிடும். அவள் வாளியை மூடிபோட்டு மூடினாள். சட்டையை அலசி வெயிலில் விரித்தாள். கரி இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி, கறைமேல் இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தாள். சூடு பட்டுக் கறை நூலோடு நூலாக இறுகியது. பிறகு இடது கை மேலே தெரியும்படி மடித்தாள்.

நாலு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே முதலாளி, அவர் பக்கத்தில் குனிந்த தலையோடு சுடலைமணி. நிமிர்ந்து, "பெரியம்மா" என்றான்.

வெங்கிடராமன் இறங்கிக் கையை நீட்டினான். பேச்சி அவனைத் தாண்டி ஆட்டோவுக்கு நடந்தாள்.

"முதலாளி, இது இவரு சட்டை. சாயாக் கறைன்னு சொல்லித் தந்தாரு. சவுக்காரத்துல கருத்துப் போச்சு. இது என்ன கறைன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சட்டையை அவர் மடியில் வைத்தாள்.