அறுபத்திரண்டுக்கும் அறுபத்து மூன்றுக்கும் நடுவே

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லித்தரும் வேலைக்குப் போயிருந்தேன். ஒரு மணி நேரம் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். பிடித்தால் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு ஆறு வருஷம் வீட்டிலேயே இருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும்.

எண் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றை எழுதிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டர், சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல ரேண்டம் மாட்யூல் மூலம் ஒன்று முதல் நூறுக்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளும். நாம் ஓர் எண்ணைக் கொடுத்தால், விடை அதைவிடப் பெரிதா சிறிதா என்று சொல்லும். சரியாகச் சொல்லும்வரை அதே வரிகள் திரும்பத் திரும்ப ஓடும்படி லூப் சுற்றும். வீட்டில் சோதித்தபோது, சீக்கிரம் முடியட்டும் என்று ஒன்று முதல் மூன்று வரைதான் வைத்திருந்தேன். இரண்டே முயற்சியில் ஜெயித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

வகுப்பில் முதலில் விளையாட வந்தது அங்கே படிக்கும், துணிக்கடையில் வேலை பார்க்கும் ஓர் அக்கா.

"பேரம் பேசறவங்க பாதியிலதாங்க ஆரம்பிப்பாங்க" என்று ஐம்பது அடித்தார். பெரிது என்றது. எழுபத்தைந்து: சிறிது. அறுபத்திரண்டு: பெரிது. அறுபத்தெட்டு, அறுபத்தைந்து, அறுபத்து மூன்று: எல்லாவற்றுக்கும் சிறிது.

அக்கா திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க டீச்சர், அறுபத்திரண்டரையா?"

வகுப்பே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"நீங்க எங்கயோ தப்பா அடிச்சிருப்பீங்க. கவனமா அடிங்க" என்று கடுகடுத்தேன். கடைசி பெஞ்சில் சென்டர் முதலாளி உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் திரையிலயே இருக்குதுங்களே" என்றார் அக்கா, கொஞ்சமும் அசராமல். "நான் ஒவ்வொரு தடவ கேக்கறப்பவும் அது வெலய மாத்துதுங்க. அப்படி யாவாரம் பண்ணுனா எங்க முதலாளி தொரத்திருவாரு."

அப்போதுதான் உறைத்தது. எண்ணைத் தேர்ந்தெடுக்கும் வரியை லூப்புக்குள்ளேயே வைத்திருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அது புதிதாக ஓர் எண்ணை நினைத்துக்கொண்டிருந்தது. வீட்டில் மூன்றே எண்களுக்குள் விளையாடியதால் அது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

வேலை போச்சு என்றே நினைத்தேன். மூடி மறைக்க வழியும் இல்லை. "தப்பு என்னுதுதாங்க" என்று சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்க அந்த வரியை லூப்புக்கு மேலே ஏற்றி, அது லூப்புக்குள் இருப்பதாகக் காட்டிய முன் இடைவெளியை அழித்தேன். மறுபடி ஓட்டினேன். அக்கா பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய் ஆறாவது முயற்சியில் பிடித்துவிட்டார். கைதட்டல் அவருக்குத்தான்.

வகுப்பு முடிந்ததும் முதலாளி எழுந்து, என்னைக் கேட்காமல் அக்காவைக் கேட்டார்: "இவங்க வரட்டுங்களா?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோவம் வருதுங்க. ஆனா தப்ப எங்க தலைல கட்டிட்டுப் போயிரல. வரட்டுங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன் தப்பை அவர் தலையில்தான் கட்டப் பார்த்தேன் என்பது அவருக்கும் தெரியும்.