பேப்பர் இல்லாமல் பாடுங்க, சார்

மாதா கோயில் பங்குப் பேரவைக் கூட்டத்தில் என் பாட்டை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு அந்தத் தமிழ்ப் பேராசிரியர் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் காரைக்குடியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்து, பாடகர் குழுவை நடத்திக்கொண்டிருந்தேன். திருவிழாவில் தேர்ப்பவனிக்கு வருஷா வருஷம் நான்தான் பாட்டுக் கட்டுவது. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு நடக்கும்போதே முணுமுணுத்துக் கட்டிவிடுவேன். எழுதி வைப்பதுகூடக் கிடையாது. ஜனங்கள் இரண்டாம் தடவையே பிடித்துக்கொள்வார்கள், பிறகு தேர் நிலைக்கு வரும்வரை விடமாட்டார்கள்.

அந்த வருஷம் பேரவைக்குப் புதிதாக வந்தவர் இந்தப் பேராசிரியர். கல்லூரியில் தமிழ் நடத்துகிறவர், கவிதைப் புத்தகம் போட்டவர். என் பாட்டின் முதல் அடி, 'வா தாயே, எங்க தெருவப் பாக்க வா.' பேரவை கேட்டதற்காக முதல் தடவையாகத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன், அதை அவர் இரண்டு தடவை படித்தார்.

"மாதாவ வந்து தெருவப் பாக்கச் சொல்லுறீக. நகராட்சி கமிஷனரக் கூப்பிடுறாப்புல இருக்கே டீச்சர்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பங்குச் சாமியார் சிரித்தார். பேரவையில் உறுப்பினராக இருந்த என் வீட்டுக்காரரும் சிரித்தார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"இந்த 'வா'ங்கிற ஒத்த எழுத்த வச்சுக்கிட்டு இன்னும் எத்தன வருசம் ஓட்டுவீக? ஒண்ணாப்புப் புள்ள எழுதிரும்" என்றும் சொன்னார். அந்த வருஷப் பாட்டை அவரே எழுதுவது, நான் மெட்டுப் போட்டு நடத்துவது என்று முடிவானது. கூட்டம் கலையும்போது, எனக்குக் கேட்கிற மாதிரி சாமியாரிடம், "மெட்டு சரியா அமையலன்னா கவலப்படாதீக சாமி, மதுரையில எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு. குழுவையே அவருகிட்டக் குடுத்துறலாம்" என்றார். சாமியாரும் தலையை ஆட்டினார். ஆக, பாட்டு எடுபட்டால் பெயர் அவருக்கு, படாவிட்டால் குழு எனக்கு இல்லை.

மறுவாரம் பாட்டு வந்தது. தடிமனான தாளில், அழகான கையெழுத்தில். பொய் சொல்லக் கூடாது, படிக்கப் படிக்க நன்றாகத்தான் இருந்தது.

இருட்டின் விளிம்பினில் எழுந்திடு கதிரென
இதழ்விரித் தெமதுளத் திருள்துடைத் திடுமெழில்
அன்னையின் கருணையை மழையெனப் பொழிந்திடு.

இருட்டுக்கு ஒரு விளிம்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்காது. அதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அந்த மனுஷன்மேல் இருந்த கோபம்கூட அசைந்தது. ஆனால் வாயைத் திறந்து பாடினேன், பாட்டு செத்துப்போனது.

முதலில் நான் எந்தப் பாட்டுக்கும் செய்வதைச் செய்தேன். மெய்யெழுத்தை எல்லாம் உதறிவிட்டு உயிரை மட்டும் மெட்டில் பாடிப் பார்ப்பேன். 'வா தாயே' என்றால் ஆ, ஆ, ஏ. வாய் தானாகத் திறக்கும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம். இவருடைய முதல் இரண்டு அடியில் மருந்துக்குக்கூட ஒரு நெடில் கிடையாது, 'துடை'யில் இருக்கிற ஐயும் குறுகித்தான் ஒலிக்கும். இ, உ, இ, இ, இ, இ, இ என்று பல்லைக் கடித்துக்கொண்டே போக வேண்டும். மூன்றாம் அடி முடிகிற இடத்தில் 'டு'. பேச்சில் அந்த உகரம் பாதிதான் வாயில் இருக்கும். அதைப் பிடித்து நீட்டினால் ஊளை.

முடிகிற இடத்தில் நீட்டாமல் இருக்கலாமே என்று கேட்பார்கள். பவனியில் முடியாது. தேருக்கு முன்னால் மைக் வண்டி போகிறது, ஜனம் இந்தத் தெரு தாண்டி அடுத்த தெருவரை நீண்டு வருகிறது. முன்னால் இருப்பவர்கள் அடியை முடிக்கும்போது பின்னால் இருப்பவர்கள் பாதியில்தான் இருப்பார்கள். கடைசி எழுத்தைப் பிடித்து நின்றால்தான் அவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். அதனால் அடியின் கடைசியில் ஒரு அகலமான உயிர் வேண்டும். நான் ஏன் 'வா'வைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்தது காதுக்கு. எங்கள் குழுவில் அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா ஒருவர் உண்டு. எந்தப் பாட்டையும் பேப்பரைக் காட்டாமல் அவரைக் கெபிப் பக்கம் போய் நிற்கச் சொல்லுவேன். வளாகத்தின் மறுகோடியில் மாதா சுரூபம் இருக்கிற குகை அது. இங்கிருந்து ஒரே ஒரு தடவை பாடுவோம். திரும்பி வந்து என்ன கேட்டது என்று சொல்ல வேண்டும். கேட்காத அடியை அறுத்துப் போட்டுவிடுவேன். என்னுடைய நல்ல நல்ல அடிகளே அப்படிப் போயிருக்கின்றன.

அன்றைக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

"இருட்டுன்னு ஒண்ணு கேட்டுச்சு. கதிருன்னு கேட்டுச்சு. பொறவு மாவாட்டுற சத்தந்தான் டீச்சர்."

பேப்பரைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அட, நல்லாத்தானே எழுதியிருக்காக?" என்றார்.

அதுதான் விஷயம். எமது, உளத்து, இருள், துடைத்திடும், எழில். கண் அதைப் பிரித்துப் படிக்கும், வேண்டுமானால் திரும்பவும் படிக்கும். காதுக்குத் திரும்பிப் போக வழி இல்லை. மூச்சோ நடுவில் எங்கேயாவது அறுந்துவிடும். அறுந்த இடத்தில் வார்த்தையும் அறுந்துபோகும்.

பழிவாங்க வேண்டும் என்ற நினைப்பு இருந்தும் ஒரு நியாயத்துக்காக அவர் வீட்டுக்குப் போனேன். காப்பி எல்லாம் கொடுத்தார்கள். "சார், 'பொழிந்திடு'வ மட்டுமாச்சும் 'பொழிவாய்'னு மாத்திக்கிறலாமா? நீட்ட இடம் கெடைக்கும். ரெண்டாவது அடியக் கொஞ்சம் பிரிச்சுக் குடுத்தீகன்னா..." என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு எழுத்துத் தொடக் கூடாது டீச்சர். பாட முடியலன்னா அது மெட்டோட கொற, தமிழோட கொறையில்ல. நீங்க கணக்குல புலி. கவிதைய எங்களுக்கு விட்டுருங்க."

சரி என்று எழுந்தேன். வாசலில் செருப்பை மாட்டும்போதே தீர்மானித்துவிட்டேன். ஒரு எழுத்துத் தொட மாட்டேன். எழுதினது எழுதினபடி, அப்படியே ஊருக்கு முன்னால் வைப்பேன்.

மெட்டில் நான் துரோகம் செய்யவில்லை. வருஷா வருஷம் எப்படிப் போடுவேனோ அப்படித்தான் போட்டேன், நடைக்கு ஏற்ற தாளம், அடி முடிவில் நீட்டல். பேரவைக்கு முன்னால் ஒத்திகை பார்த்தபோது பேராசிரியர் பாட்டை அச்சடித்து ஆளுக்கொரு தாளாகக் கொடுத்தார். எல்லோரும் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதான் பாட்டு" என்றார். என் வீட்டுக்காரர் தொடையில் தாளம் போட்டார். அவர்கள் ஒருவரும் பாட்டைக் கேட்கவில்லை, படித்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் அக்கா என் காதில், "சொல்லுங்களேன் டீச்சர், பவனியில ஒரு கையில மெழுகுதிரி, ஒரு கையில புள்ள. தாள எவ பிடிப்பா?" என்றார்.

"நம்மள யாரு கேட்டா?" என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

திருவிழாவன்று அந்தி மயங்கும் நேரத்தில் தேர் கிளம்பியது. சைக்கிள் ரிக்‌ஷாவில் குழாய் ஸ்பீக்கர் இரண்டு, டோலக், பக்கத்தில் நான் மைக்கோடு. பேராசிரியர் பட்டு வேட்டி கட்டிச் சாமியாருக்கு அடுத்தபடி நடந்தார். நான் அடி எடுத்துக் கொடுத்தேன். ஜனம் திருப்பிப் பாட வேண்டும்.

'இருட்டின் விளிம்பினில்' வரை ஏதோ வந்தது. இரண்டாம் அடியில் முனகல். மூன்றாம் அடியின் கடைசியில் எங்கள் குழுப் பெண்கள் மட்டும் 'டுஉஉஉ' என்று நீட்ட, குழாய் ஸ்பீக்கர் அதை வாங்கிச் சுவர் சுவராக அடித்தது. ஒரு வீட்டு மாடியில் பிள்ளைகள் திருப்பி ஊளையிட்டன. நான் மறுபடியும் முதலிலிருந்து எடுத்தேன். இந்தத் தடவை முனகலும் இல்லை. செருப்புச் சத்தம்தான் கேட்டது. மறுபடியும் எடுத்தேன். எனக்குக் குரல் அவ்வளவு சுகமாக என்றைக்கும் இருந்ததில்லை.

சாமியார் திரும்பிப் பார்த்தார். பேராசிரியர் வேகமாக என்னிடம் வந்தார். வேர்த்திருந்தது. "டீச்சர், ரொம்ப ஓடுது. கொஞ்சம் மெதுவா எடுங்க, வார்த்த புரியும்."

"சரிங்க சார்" என்று மெதுவாக எடுத்தேன். குறிலை மெதுவாகப் பாடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு குறிலும் நெடிலாக வீங்கி, ஒரு வார்த்தையும் அதன் முகத்தோடு இல்லாமல் போனது. இரண்டாம் அடி முடிவதற்குள் குழுப் பெண்களுக்கே மூச்சு முட்டியது.

"என்ன டீச்சர் இது?" என்றார்.

நான் மைக்கை அவர் கையில் வைத்தேன். "நீங்களே எடுத்துக் குடுங்க சார். எழுதுனவுகளுக்குத்தானே எங்க மூச்சு விடணும்னு தெரியும். பேப்பர் வேணாம், உங்க பாட்டுத்தானே."

சாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். பேரவை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. தப்பிக்க வழியில்லை. பாடினார். குரல் அவருக்கு மோசமில்லை. 'எமதுளத்' என்பதில் மூச்சுப் போனது. நின்று வாங்கினார். 'திருள்துடைத்' என்று தொடங்கினார். நடந்துகொண்டே வேறு பாட வேண்டுமே, அடுத்த அடி எடுத்து வைக்கும்போது குரல் குலுங்கியது. எப்படியோ கடைசி அடிக்கு வந்து 'பொழிந்திடு'வை நீட்டினார். மாடிப் பிள்ளைகள் கீழேயே இறங்கி வந்துவிட்டன, கூடச் சேர்ந்து ஊளையிட.

நான் ஒன்றும் செய்யவில்லை. அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நடந்தேன், அவ்வளவுதான். நல்லா வேணும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போது தேருக்குப் பின்னாலிருந்து, தெருமுனைக்கு அந்தப் பக்கம், பெண்கள் யாரோ ஆரம்பித்தார்கள். 'வா தாயே, எங்க தெருவப் பாக்க வா.' பேரவைக்குப் போகும் முன்பே நான் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்து, எங்கள் பெண்கள் வீடுகளில் முணுமுணுத்துப் பரவியிருந்த பாட்டு. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, தாளும் இல்லை. அடுத்த தெருவிலிருந்து கிளம்பி, தேரைத் தாண்டி, எங்களிடம் வந்து சேர்ந்தது. டோலக் அடிக்கிறவர் என்னிடம் கேட்காமலே தாளத்தை மாற்றினார். சாமியார் பாடினார். என் வீட்டுக்காரரும் பாடினார், என் பக்கம் பார்க்காமல்.

பேராசிரியர் மைக்கை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"வச்சுக்கங்க சார். ஒத்த எழுத்துத்தான், ஒண்ணாப்புப் புள்ள பாடிரும்."

அவர் என்னைப் பார்த்தார். பின்னால் தெரு முழுக்க அந்த 'வா'வைப் பிடித்துக்கொண்டு நின்றது, கடைசி வரிசை வந்து சேரட்டும் என்று. அடுத்த அடியின் முடிவில் அவர் வாயும் திறந்தது. மைக் கையிலேயே இருந்ததால், இரண்டு குழாய் ஸ்பீக்கரிலும் அவருடைய 'வா' நன்றாகக் கேட்டது.