தண்ணீர் விழுகிறதா?

தென்காசியில் மென்பொருள் கம்பெனியா என்று கேட்பவர்களை ஸ்ரீமதிக்கு ஆகவே ஆகாது. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில், பரோட்டாக் கடைக்கு மேல் மாடியில் அவள் ஆபீஸ். குற்றாலத்து லாட்ஜ் ஒன்றுக்கு, அறை கேட்டு வருகிறவர்களிடம் பேசும் சாட்பாட் தயாராகிக்கொண்டிருந்தது. அதைச் சோதித்து, சரி என்று சொல்ல வேண்டியவள் அவள். முதன்முறையாகத் தனிப் பொறுப்பு. சீசன் தொடங்குமுன் ஓடியாக வேண்டும்.

ஆள் வைத்துப் பேசிப் பார்த்தால் ஆடி போய் ஆவணி வந்துவிடும். அதனால் இன்னொரு ஏஐ மாடலையே வாடிக்கையாளராக நடிக்க வைத்தாள். நீ இன்னார், உனக்கு அறை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், அது கேட்கும், பாட் பதில் சொல்லும். அறை பதிவானால் பாஸ். நூற்றுக்கணக்கான உரையாடல்கள் ஒரே மூச்சில் ஓடின. அநேகமாக எல்லாமே பாஸ். முதலாளி கோமதிசங்கர் லாட்ஜ்காரருக்குத் தேதியே சொல்லிவிட்டார். ஸ்ரீமதிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மதுரையிலிருந்து அத்தை போன் செய்தாள்.

"ஏட்டி, அங்கன அருவில தண்ணி விழுதா?"

எப்போது வருகிறாள், எத்தனை பேர், ஒன்றும் சொல்லவில்லை. விழுந்தால்தானே வருவது! ஸ்ரீமதிக்குச் சுருக்கென்றது. அவள் நடிக்க வைத்தவர்கள் எல்லாம் சொக்கத்தங்கங்கள். முதல் வாக்கியத்திலேயே தேதியும் ஆள் கணக்கும் சொல்லி, நன்றியும் சொல்லிப் போனார்கள். அருவியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. குற்றாலத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அருவி பார்த்துத் தெரிவது; கேட்டுத் தெரிவதா? அப்படி ஒரு கேள்வியை எழுதத் தோன்றவே இல்லை.

அத்தையை அப்படியே எழுதினாள்: முதலில் தண்ணீரைக் கேள், ஆள் கணக்கைக் கேட்டால்தான் சொல், அதையும் குறைத்துச் சொல், பிடிக்காவிட்டால் போய்விடு. ஓடவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே மலை காய்ந்து கிடந்தது. பாட் கூசாமல் சொன்னது: ஆம், அருவியில் தண்ணீர் அருமையாகக் கொட்டுகிறது. திரையில் இருந்த அத்தையும் நம்பி அறை போட்டாள். அதற்கும் பாஸ்!

ஸ்ரீமதி வெட்கத்தோடு கோமதிசங்கரிடம் போய், தான் சரி என்றது தப்பு என்றாள். அவர் முகம் சுண்டியது. ஆனாலும் லாட்ஜுக்குப் போன் போட்டு இன்னும் சில நாள் தவணை வாங்கினார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, லாட்ஜ் ஆளின் நம்பரைக் கொடுக்கும்படி சாட்பாட்டைத் திருத்தினார்கள். மறுபடி சோதனை. இந்த முறை கோமதிசங்கரும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

திரையில் அத்தை கேட்டாள். நிலவரம் தனக்குத் தெரியாது என்றது பாட். இது கூடத் தெரியாமல் எதற்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று நாலு வாங்கு வாங்கிவிட்டு, அறையும் போடாமல் அத்தை போய்விட்டாள்.

ஸ்ரீமதி பாஸ் என்று குறித்தாள்.

"என்னம்மா, வந்த ஆளு போயிட்டாவ. இது பாஸா?"

"பொய்யச் சொல்லி மதுரையில இருந்து வர வைக்கலல்லா, அண்ணாச்சி."

கோமதிசங்கர் சிரித்துவிட்டார். அடுத்த ஆளை விடச் சொன்னார்.