அரை ரூபாய் வரி, ஐந்து ரூபாய் வாடகை

மேலப்பாளையத்திலிருந்து பம்பாய் தாராவிக்கு வாழ வந்தவள் மதீனா பீவி. தோல் வியாபாரம் செய்த கணவர் இறந்தபோது அவளுக்கு விட்டுப்போனது ஆறு அறைகள் கொண்ட ‘சால்’ என்கிற வாடகை வரிசை வீடு. அறையைக் ‘கோலி’ என்பார்கள் அங்கே. கோலிக்கு மாதம் பதினைந்து ரூபாய். அந்த வருமானத்தில்தான் மகள் ரஷீதாவை வளர்த்தாள். யாரையும் ஏய்த்ததில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அறுபத்து நாலாம் வருஷம் ரஷீதாவுக்கு நிக்காஹ் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டதைவிடக் கூடுதலாகவே செய்ய ஆசைப்பட்டாள் மதீனா பீவி. அந்தச் சமயம் பார்த்து முனிசிபாலிட்டி வரிச்சீட்டு வந்தது. வரி ஏறியிருந்தது. வருஷத்துக்கு முப்பத்தாறு ரூபாய்தான். ஆறு கோலிக்கும் பிரித்தால் மாதம் ஆளுக்கு அரை ரூபாய்.

அவள் அந்தக் கணக்கைப் போடவில்லை. மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது கோலி கோலியாகப் போய், வரி ஏறிவிட்டது, ஒண்ணாந்தேதி முதல் இருபது ரூபாய் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஐந்து பேர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். மூன்றாம் கோலியில் இருந்த அய்யாத்துரை மட்டும் முணுமுணுக்கக்கூட இல்லை. தோல் பதனிடும் கொட்டடியில் கூலி வேலை செய்பவன், மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும். இருபதையும் வைத்துவிட்டு, அடுத்த மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொன்னான். அந்த மாதமும் இருபது கொடுத்துவிட்டுச் சொன்னபடியே போய்விட்டான். அவளும் தடுக்கவில்லை. புதிதாக வருகிறவனிடம் இன்னும் கூடக் கேட்கலாம் என்றுதான் அன்று தோன்றியது.

அவன் போன மறுநாள் ஐந்தாம் கோலித் தளவாய் வந்தான். மில் தொழிலாளி, அதிர்ந்து பேசாதவன்.

“அம்மா, அந்த வரிச்சீட்டை ஒரு தடவ பாக்கலாமா? வெவரம் தெரிஞ்சா எங்களுக்கும் மனசு சமாதானமாவும்.”

சீட்டு அலமாரியில்தான் இருந்தது. எங்கேயோ வைத்துவிட்டேன், தேடித் தருகிறேன் என்றாள். தளவாய் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, சரிம்மா என்று போனான். பொய் அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்தது.

மறுநாள் மாட்டுங்காவில் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா அனந்தகிருஷ்ணனைப் பார்க்கப் போனாள். கணவரின் பத்திரங்களை எழுதிக்கொடுத்தவர் அவர். ஏறிய வாடகைக்கு ஏதாவது காகிதம் எழுதித் தரச்சொல்லிக் கேட்கத்தான் போனாள். அவர் வரிச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வரி எவ்வளவு ஏறித்தோ அவ்வளவுதான் வாங்கலாம், அம்மா. கூரை ஒழுகறதைச் சரி பண்றது உங்க பொறுப்பு, அதுக்குக் கேக்கப்படாது. புதுசா ஏதாவது வசதி பண்ணிக் கொடுத்தா அது வேற. பொண்ணு கல்யாணத்துக்காகன்னு எந்தச் சட்டத்திலயும் இல்லை.”

கல்யாணத்தைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அவருக்கு எப்படித் தெரிந்ததோ. குடித்தனக்காரர்கள் வாடகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் நியாய வாடகை நிர்ணயிக்கக் கேட்டால் வாங்கியதைத் திருப்பித்தான் தரவேண்டும் என்றார். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், வாடகை ஏறுவதை ஒரு முழு மாதமாவது முன்னால், காரணத்தோடு எழுதித் தருவதுதான் முறை, மூன்று நாளில் ஏழை எங்கே போவான் என்றும் கேட்டார்.

அவள் எழுதி வாங்கிக்கொண்டது வேறு காகிதம். வரிச்சீட்டின் நகல், முப்பத்தாறு ரூபாய் எப்படி ஆறாகப் பிரிகிறது என்ற விவரம், அடுத்த மாதம் முழுக்கப் பழைய வாடகை, அதற்கடுத்த ஒண்ணாந்தேதி முதல் பதினைந்தரை. ஒவ்வொரு கோலிக்கும் ஒரு பிரதியும், கூடுதலாக வாங்கிய பணமும் கொடுத்தாள். தளவாய் காகிதத்தை நின்றபடியே படித்தான். “இதுதாம்மா கணக்கு” என்றான். அவன் கண்ணை அவளால் பார்க்க முடியவில்லை.

அய்யாத்துரையின் பங்கை எடுத்துக்கொண்டு மாட்டுங்கா லேபர் கேம்புக்குப் போனாள். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. மனைவி மரியாதையாக எழுந்து பாயை விரித்தாள். இரண்டு மாதம் கூடுதலாக வாங்கிய பத்து ரூபாயை நீட்டி, தான் செய்தது தப்பு, கோலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, திரும்பி வாருங்கள் என்றாள் மதீனா பீவி.

அய்யாத்துரை பணத்தை வாங்கிக்கொண்டான்.

“இங்க அட்வான்ஸ் கட்டியாச்சும்மா. பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடமும் மாத்தியாச்சு. ரெண்டு மாசம் முந்தியே சொல்லியிருந்தியன்னா ஓவர்டைம் பாத்தாவது சமாளிச்சிருப்பேன். ஏன் ஏத்துதியன்னு நான் கேட்டிருக்கவே மாட்டேன். உங்கள நம்பித்தான் ஏழு வருசம் இருந்தேன்.”

கோபமே இல்லாமல்தான் சொன்னான். அதைவிட அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று பட்டது அவளுக்கு. மனைவி கொடுத்த தேநீரை முழுதும் குடிக்காமல் வைப்பது மரியாதையில்லை என்பதற்காகக் குடித்தாள்.

ரஷீதாவின் நிக்காஹ் தைமாதம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்னதைவிடக் குறைவாகத்தான் செய்ய முடிந்தது. சாலில் எல்லோருக்கும் அழைப்பு வைத்தாள், எல்லோரும் வந்தார்கள். லேபர் கேம்புக்கும் அழைப்பு அனுப்பலாம் என்று எடுத்து வைத்தவள், எந்த முகத்தோடு என்று இரண்டு நாள் யோசித்து, கடைசியில் அனுப்பாமலே விட்டுவிட்டாள்.