ஏறும்போது மட்டும் வந்த பக்தி

என் கணவருக்குப் பக்தி வந்துவிட்டது என்று நான் நம்பிய ஒரு குளிர்காலம் உண்டு. அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் பயமும் வரும்.

நாட்டின் தலைநகரில், ஆர்.கே.புரத்தில் எங்கள் அரசு குவார்ட்டர்ஸிலிருந்து குன்றின் மேலிருக்கும் முருகன் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். ஞாயிறு காலை தவறாமல் போவோம். போவோம் என்றால், நான் சாமி கும்பிடப் போவேன், அவர் எனக்குத் துணையாக வருவார். மத்திய அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு பார்த்த மனிதர், கோயிலையும் ஒரு கோப்பைப் போலத்தான் நடத்துவார். மேட்டை விறுவிறுவென்று ஏறி, எனக்கு முன்னால் மேலே போய் நின்று, நான் மூச்சு வாங்க வந்து சேரும்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பிரசாதம் கொடுக்கிற வரிசையில் மட்டும் பொறுமையாக நிற்பார்.

அப்படிப்பட்டவர் அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி மேட்டில் நின்றார். கோபுரத்தைப் பார்த்தபடி இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டார். உதடு இறுகியிருந்தது. நானும் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "ம், போலாம்" என்றார். அடுத்த ஞாயிறும் அதே இடம், அதே கும்பிடு. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

எனக்குத் தலைகால் புரியவில்லை. திருநெல்வேலியிலிருக்கும் என் தங்கைக்கு ஃபோன் போட்டு, "ஏட்டி, அத்தான் மாறிட்டாவ. கோபுரத்தப் பாத்ததும் அப்படியே உருகி நிக்காவ" என்று பெருமையடித்தேன். அவளும், "ரிடையர்மெண்ட் கிட்ட வருதுல்லா, எல்லாருக்கும் வாரதுதான்" என்று சொன்னாள். இரண்டு பேருமாக அவரை அரை சாமியாராக ஆக்கிவிட்டோம்.

நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிள்ளைகள் ஒரு வரியை விட்டுவிட்டு விடைக்குத் தாவினால் சிவப்பு மையால் வட்டம் போடுகிறவள். ஆனால் எனக்குப் பிடித்த விடை கையில் கிடைத்தபோது, விட்டுப்போன வரிகளை நானும் பார்க்கவில்லை. பாதி வழியில் அவ்வளவு உருகியவர் சந்நிதிக்கு முன்னால் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. இறங்கும்போது எங்கேயும் நிற்கவில்லை. காற்று குளிர்ந்து வீசிய ஒரு நாள், வீட்டில் வயிறு நிறையப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போனபோது வழக்கமான இடத்துக்கு முன்பே நின்று கும்பிட்டார். எல்லாம் கண்ணில் பட்டது. பக்தி கூடிக்கொண்டே போகிறது என்று நான் அதையும் வரவில் வைத்தேன்.

கணக்கு உதைத்தது மெட்ரோ ஸ்டேஷனில். தமிழ்க் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு வந்தோம். எஸ்கலேட்டர் ஓடவில்லை. அரிசிப் பையை அவர் தூக்கிக்கொண்டு படி ஏறினார். பாதியில், படி திரும்புகிற இடத்தில், பையைக் கீழே வைத்தார். கையை நெஞ்சில் வைத்தார். கண்ணை மூடினார். உதடு இறுகியது. அவருக்கு எதிரே சுவரில் ஒரு பெண் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பல் தெரியச் சிரித்தாள். கண்ணாடிக் கடை விளம்பரம்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இவளையுமா கும்பிடுகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். பின்னால் வந்தவர்கள் "சலியே, சலியே" என்று நகரச் சொல்லி எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அந்தக் குளிரில் நெற்றி வேர்த்திருந்தது.

"என்னங்க, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. கேஸ். காலைல பூரி தின்னம்லா."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சரியாகிவிட்டது. பையைத் தூக்கப் போனார். நான் பிடுங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சண்டை பிடித்தேன். மேடு ஏறினால் வருகிறது, இறங்கினால் வரவில்லை. சுமை தூக்கினால் வருகிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது. வயிற்றுக் காற்றுக்கு மேடு எது, பள்ளம் எது என்று தெரியுமா? அவர் அலமாரியிலிருந்து ஆபீஸ் பரிசோதனையில் எடுத்த ஈசிஜியை எடுத்து மேசையில் வைத்தார். "நார்மல்னு போட்டிருக்கு பாரு. நீ சும்மா இரி" என்றார். ஆனாலும் மறுநாள் சாயங்காலமே, வரமாட்டேன் என்றவரை இதய டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா மயூர் விஹாரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நாற்பதைத் தாண்டியிருக்கும். தமிழ் பாதி, இந்தி பாதி, அவசரம் மட்டும் முழுசாக. என் கணவர் உட்கார்ந்ததுமே, "கேஸ் டிரபிள்" என்று நோய்க்குப் பெயரும் வைத்துக் கொடுத்தார்.

"அச்சா, பேர் நான் அப்புறம் வெக்கறேன். எங்க வருது, கைய வெச்சுக் காட்டுங்க அங்கிள்."

அவர் விரலால் தொட்டுக் காட்டவில்லை. நடு நெஞ்சில் முஷ்டியை வைத்தார். டாக்டரம்மா அந்தக் கையைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாற்போல் எனக்குத் தோன்றியது.

"குத்துதா, எரியுதா?"

"குத்தலாம் இல்ல. யாரோ உள்ளங்கைய வெச்சு அமுக்குத மாதிரி."

டாக்டரம்மா நெஞ்சை அழுத்திப் பார்த்தார், வலியில்லை. மூச்சை இழுத்து விடச் சொன்னார், மாற்றமில்லை. படுத்தால் வருமா, குனிந்தால் வருமா, சாப்பிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் வருமா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. நடந்தால்? சமதரையில் மெதுவாகப் போனால் இல்லை. மேட்டில்? அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"மேட்டுல வரும்" என்றார்.

"நின்னா?"

"ரெண்டு மூணு நிமிஷத்துல போயிரும்."

"பஸ், போதும். நடு நெஞ்சுல அமுக்கம், உழைச்சா வருது, நின்னா போகுது. மூணும் சேர்ந்தா நான் முதல்ல ஹார்ட்டத்தான் சந்தேகப்படுவேன். கேஸை இல்ல."

அவர் ஈசிஜியை நீட்டினார். டாக்டரம்மா பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது படுக்க வெச்சு எடுத்தது. உங்க குவார்ட்டர்ஸ்ல மத்தியானம் ஒரு குழாய் திறந்தா தண்ணி நல்லா வரும் இல்ல? காலைல எல்லா வீட்டுலயும் ஒரே சமயம் திறந்தா, பைப்ல அடைப்பு இருக்கறது அப்பத்தான் தெரியும். ஹார்ட்டுக்கும் அப்படித்தான். நீங்க சும்மா இருக்கும்போது அதுக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். மேடு ஏறினா நிறைய வேணும். குழாய் குறுகி இருந்தா அவ்வளவு வராது, அமுக்கும். நின்னீங்கன்னா தேவை குறையும், அமுக்கமும் போகும். வயிறு நிறைய சாப்பிட்டாலும், குளிர்லயும், சீக்கிரமே வரும்."

முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் என்னையே எழுப்பிக் கரும்பலகையில் சரியான விடையை எழுதிக் காட்டியதுபோல் இருந்தது எனக்கு. ஒவ்வொரு வரியையும் நான் கண்ணால் பார்த்திருந்தேன்.

டாக்டரம்மா அதோடு விடவில்லை. போகப்போக அடிக்கடி வருகிறதா, முன்னைவிடக் கொஞ்ச நடைக்கே வருகிறதா, சும்மா இருக்கும்போதோ தூக்கத்திலோ வந்ததா என்று கேட்டார். இல்லை என்றார் இவர். இது உண்மைதானா என்று என்னையும் கேட்டார். எனக்குத் தெரிந்து உண்மைதான். "அப்படி ஒரு தடவை வந்தாலோ, உக்காந்தும் போகலன்னாலோ, என்கிட்ட வராதீங்க. நேரா எமர்ஜென்சி போங்க" என்றார். அமுக்கம் வந்தால் நாக்கின் கீழ் வைக்கிற மாத்திரை எழுதிக் கொடுத்து, உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும் என்றார். ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் எழுதினார். இவருக்கு இரத்த அழுத்தம் ஏற்கெனவே இருந்தது; அதற்கான மாத்திரையைத் தொடரச் சொன்னார். ட்ரெட்மில் பரிசோதனை முடியும்வரை மேடு கூடாது என்றார்.

கடைசியில் அவரையே பார்த்துச் சொன்னார். "அங்கிள், மெஷின்ல நடக்கும்போது வந்தா உடனே சொல்லணும். வாய மூடிட்டு நடந்தீங்கன்னா எனக்குத் தெரிய வேண்டியது தெரியாது, உங்களுக்கும் ஆபத்து."

இதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போனது. குழாய் அடைப்பைவிட அவருடைய வாய் அடைப்புக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு இங்கே வலிக்கிறது என்று அந்த மனிதர் சொல்லி நான் கேட்டதில்லை. பல் பிடுங்கிவிட்டு வந்தால்கூட ரத்தத் துணியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

பரிசோதனை நாளன்று அறையிலேயே ஓரமாக நிற்க என்னை விட்டார்கள். நெஞ்சு முழுக்க ஒயர்களோடு அவர் அந்த ஓடும் பட்டையில் நடந்தார். டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டை வேகமெடுத்து, முன்பக்கம் மேடாக உயர்ந்தது. இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. உதடு இறுகியது.

எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கத்தியிருக்கலாம். ஆனால் இதை அவர் வாயால் சொல்ல வேண்டும் என்று ஒரு வீம்பு, ஒரு ஆசை. அவர் இரண்டு அடி நடந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வருது" என்றார். "அமுக்குது. நடு நெஞ்சுல."

உடனே நிறுத்தி உட்கார வைத்தார்கள். திரையில் கோடு சரிந்திருப்பதை டாக்டரம்மா எனக்கும் காட்டினார். கொஞ்ச நேரத்தில் அமுக்கம் போனது, கோடும் மெல்ல மேலேறியது. நான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பயத்தில் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, "ஏன் முன்னமே சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நெசமாயிரும்னு நெனச்சேன்" என்றார். "பயமா இருந்துச்சு."

ஆஞ்சியோகிராமில் ஒரு பெரிய குழாய் நன்றாகக் குறுகியிருந்தது தெரிந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். மாத்திரைகள் தொடர்கின்றன. டாக்டரம்மா அனுமதித்த வேகத்தில் இப்போது தினமும் நடக்கிறார்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். மனிதர் வாயைத் திறந்தவர் மூடவே இல்லை. காலையில் கழுத்து பிடித்துக்கொண்டது என்கிறார், மத்தியானம் அலுவலகத்திலிருந்து ஃபோன் போட்டு முழங்கால் என்கிறார், செருப்புக் கடிக்கு ஒரு தனி அறிக்கை. நானும் அலுக்காமல் கேட்கிறேன்: எங்கே, எப்படி, என்ன செய்தால் வருகிறது, என்ன செய்தால் போகிறது? நேற்று சமையல்கட்டுக்கு வந்து, சுண்டுவிரல் நகத்தில் லேசாக வலி, காரணமில்லாமல் வருகிறது என்று நீட்டினார். அடுப்பை அணைத்துவிட்டு அந்த விரலை வாங்கிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.