லேப்டாப் விடாத பக்கத்து வீடு

அணுபுரம் குவார்ட்டர்ஸில் கணவரின் கம்ப்யூட்டரும் மகளின் லேப்டாப்பும் வேகமாக ஓடின. என்னுடையது மட்டும் ஒரு மெயிலைத் திறக்கவே முக்கி முனகியது. டெலிபோன் ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தினேன். வந்த லைன்மேன் மற்ற இரண்டையும் பார்த்துவிட்டு, "லைன் நல்லாத்தான் கீது மேடம். உங்க லேப்டாப்லதான் இன்னாவோ கோளாறு" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

கடுப்போடு திரையின் மூலையிலிருந்த வைஃபை படத்தைக் கிளிக் செய்தேன். சிக்னல் ஒரே ஒரு கோடு. அதில் இருந்தது எங்கள் மோடத்தின் பெயரே இல்லை, பக்கத்து வீட்டு அக்காவுடையது.

நாங்கள் குடிவந்த புதிதில் எங்களுக்கு இணைப்பு வரவில்லை. "உங்களுக்கு லைன் வர்ற வரைக்கும் எங்களுத போட்டுக்கோ" என்று அக்காதான் வந்து என் லேப்டாப்பில் பாஸ்வேர்டை அடித்துத் தந்தார். எங்கள் மோடம் வந்த பிறகும் லேப்டாப் நினைவில் வைத்திருந்த வைஃபை வரிசையில் முதலில் இருந்தது அவர் வீடுதான். இரண்டு சுவர் தாண்டி வந்த அந்த மெலிந்த சிக்னலையே அது விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மற்ற இரண்டுக்கும் அக்கா வீட்டைத் தெரியவே தெரியாது.

ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா மீன் கழுவிக்கொண்டே, "இத்தினி மாசமாவா? சரி, இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

எங்கள் மோடத்தை வரிசையில் மேலே ஏற்றியதும் வேகம் வந்துவிட்டது. அக்கா வீட்டை நான் அழிக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் இடி இடித்து எங்கள் மோடம் செத்தது. புதியது வரும்வரை எங்கள் வீட்டில் என் லேப்டாப் மட்டும்தான் ஓடியது. பழையபடி மெதுவாகத்தான். நான் ஒரு வார்த்தை திட்டவில்லை.