அவன் டப்பாவில் ஓடாத விளையாட்டு

"மன்னிக்கவும். உங்கள் கணினி இந்த விளையாட்டுக்குப் போதாது."

இந்த வாக்கியத்தை எழுதியவள் நான்தான். தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, மரியாதையாக இருக்கிறதா என்று மூன்று தடவை படித்துப் பார்த்து, திருப்திப்பட்டு வீட்டுக்குப் போனேன். அது யார் முகத்துக்கு நேரே வந்து நிற்கப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கையை ஒடித்துக்கொண்டிருப்பேன்.

செம்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். ஒரே அறை. நான் நிரல் எழுதுபவள். மாதுங்காவிலிருந்து வரும் பார்ட்னர் வியாபாரத்தையும் அட்டவணைகளையும் பார்த்துக்கொள்கிறவர். மூன்றாவது ஆள் எங்கள் ஓவியன், தாராவிக்காரன். நான் செய்வது எல்லாவற்றிலும் ஒரு குற்றம் கண்டுபிடித்து, கடைசியில் அவனே டீ வாங்கித் தருவான். மழையில் ஒரு பெண் தகரக் கூரைகளின் மேல் நடந்து, காணாமல்போன பூனையைத் தேடுவதுதான் எங்கள் விளையாட்டு. கூரைகள், நீலத் தார்ப்பாய்கள், சொட்டும் பைப்புகள் எல்லாவற்றையும் அவன்தான் வரைந்தான். சென்ற மழைக்காலத்தில் நாலே நாள் டெங்குவில் போய்விட்டான். பூனையை வரைந்து முடித்திருந்தான். பூனையின் வால் அசைவதை மட்டும் முடிக்கவில்லை.

அவனிடம் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ப்ராசஸரோடு ஒட்டிப் பிறந்த கிராபிக்ஸ்தான். அதற்கென்று தனி மெமரி இல்லாததால், கணினியின் மெமரியிலேயே பங்கு கேட்டு வாங்கிக்கொள்ளும். நான் புதிதாக எதைச் சேர்த்தாலும் அவன் முதலில் அதில்தான் போட்டுப் பார்ப்பான்.

"ஏ பிள்ள, எந்திரம் விமானம் மாதிரி கத்துது பாரு. என் டப்பால ஓடுனா ஊர்ல எல்லாவன் டப்பாலயும் ஓடும். மொதல்ல இதுல ஓட்டு."

நான் எரிந்து விழுவேன். ஆனால் ஓட்டிவிடுவேன். அப்படித்தான் எங்கள் விளையாட்டு இரண்டு வருஷம் வளர்ந்தது.

அவன் போன பிறகு லேப்டாப் அலுவலக அலமாரிக்கு வந்தது. ஏதாவது ஓவியம் எடுக்க வேண்டுமானால் மட்டும் திறப்பேன், வேலை முடிந்ததும் உடனே மூடுவேன். அதைக் குளிர்விக்கும் விசிறியின் சத்தம் எனக்கு ஆகவில்லை. அது சுற்றத் தொடங்கினால் பக்கத்து நாற்காலியில் ஆள் இருப்பதுபோலவே இருக்கும். பலமுறை திரும்பியும் பார்த்திருக்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த லேப்டாப்பில் ஓட்டிப் பார்ப்பது நின்றதும், எந்த மாதிரிக் கணினிக்காக விளையாட்டைச் செய்கிறோம் என்று முடிவு செய்ய வேறு வழி தேவைப்பட்டது. பார்ட்னர் ஒரு கணக்கெடுப்பைக் கொண்டுவந்தார். பெரிய இணைய விளையாட்டுக் கடை ஒன்று, மாதாமாதம் தன் வாடிக்கையாளர்களில் சிலரைக் குலுக்கலில் எடுப்பதுபோல எடுத்துக் கேட்கும்: உங்கள் கணினிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாமா? சரி என்றால் ப்ராசஸர், மெமரி, கிராபிக்ஸ், திரையின் அளவு எல்லாம் பதிவாகும். ஆள் யார் என்பது பதிவாகாது. பிறகு சதவீத அட்டவணையாக எல்லோருக்கும் பொதுவில் வைத்துவிடுவார்கள்.

கிராபிக்ஸ் பட்டியலின் முதல் வரியில் ஒரு நடுத்தரக் கார்டு இருந்தது. பார்ட்னர் அதன்மேல் விரலை வைத்தார். "இதோ பாரும்மா, உலகத்துல அதிகம் பேர்கிட்ட இருக்கறது இதுதான். இதை மினிமமா வெச்சுடலாம். பக்கா."

எனக்கும் அது பிடித்திருந்தது. அதுதான் உண்மை. அந்தக் கார்டு இருந்தால் ஓவியங்களை நாலு மடங்கு பெரிதாகவே வைத்துக்கொள்ளலாம், ஈரத் தகரத்தில் விளக்கு பிரதிபலிப்பதை அந்தந்த நொடியே கணக்கிட்டுக் காட்டலாம். செய்தேன். அழகாக இருந்தது. அதற்குக் கீழே உள்ள கணினிகள் உள்ளே வராமல் இருக்க, தொடக்கத்திலேயே ஒரு சோதனையை வைத்து, அந்த மரியாதையான வாக்கியத்தையும் எழுதினேன்.

அப்போதுதான் அவன் அம்மா போன் செய்தார்.

"தாயி, வார புதன்கெழம அவனுக்கு வருசம் திரும்புது. சொக்காரங்க, சொந்தக்காரங்க எல்லாம் வாராங்க. எம்புள்ள பொட்டி முன்னால உக்காந்து காலத்த வீணாக்குனான்னு இன்னும் சொல்லுதாங்க. அவன் வரஞ்சத அவன் பொட்டிலயே போட்டுக் காட்டணும். கொண்டாருவியா?"

"கட்டாயம் கொண்டுவரேம்மா" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

மறுநாள் காலை அலமாரியைத் திறந்து, லேப்டாப்பை மேசையில் வைத்து, அந்த இணையக் கடையின் செயலியைத் திறந்து, நாங்கள் அங்கே ஏற்றி வைத்திருந்த விளையாட்டை இறக்கினேன். விசிறி கத்தத் தொடங்கியது. எதிர் மேசையில் பார்ட்னர் கையிலிருந்த டீ தளும்பிக் கீபோர்டில் கொட்டியது. அவர் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியிருந்தது. எங்கள் ஓவியனின் படம், அவன் வைத்திருந்த பட்டப்பெயர், கீழே பச்சை எழுத்தில்: இப்போது ஆன்லைனில் இருக்கிறார்.

"அரே பாப்ரே" என்றார் அவர். அது நான்தான், அவன் கணக்கிலேயே திறந்துவிட்டேன் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். ஆனால் அந்தப் பெட்டி தானாக மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விளையாட்டை அழுத்தினேன். கறுப்புத் திரை. பிறகு வெள்ளை எழுத்தில் என் வாக்கியம் வந்து நின்றது. மன்னிக்கவும், உங்கள் கணினி இந்த விளையாட்டுக்குப் போதாது.

அந்தக் கூரைகளை அவன் வரைந்த கணினி அது. அதைப் பார்த்துத்தான் போதாது என்று சொல்லியிருக்கிறேன். பார்ட்னர் மீது கத்தினேன். அவர் என்ன செய்வார், பாவம், கத்த வேறு ஆள் இல்லை.

"அட்டவணை பொய் சொல்லலையே" என்றார் அவர்.

"சொல்லலை. நாமதான் முதல் வரியோட நிறுத்திட்டோம்."

அன்று முழுக்க உட்கார்ந்து அட்டவணையைக் கடைசிவரை படித்தேன். முதல் வரியில் இருப்பது அதிகம் பேரிடம் இருக்கும் கார்டுதான். ஆனால் அந்த அதிகமே நூறில் மிகச் சிலர். மீதிப் பேர் நூற்றுக்கணக்கான வரிகளில் சிதறிக் கிடந்தார்கள். ஒட்டிப் பிறந்த கிராபிக்ஸ் மட்டும் பத்துப் பதினைந்து பெயர்களில் தனித்தனியாக, ஒவ்வொன்றும் கொசுறு அளவில் இருந்தது. அதனால்தான் கண்ணில் படவில்லை. போதாக்குறைக்கு 'மற்றவை' என்று ஒரு வரி வேறு. எண்ணிக்கைப்படி இருந்த பட்டியலை வலுவின்படி மாற்றி அடுக்கி, நாங்கள் போட்ட கோட்டுக்குக் கீழே இருப்பவர்களைக் கூட்டினேன். கூட்டுத்தொகை முதல் வரியைத் தாண்டி எங்கேயோ போனது. அவ்வளவு பேரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தோம்.

பார்ட்னர் விடவில்லை. "பழைய மெஷின் வெச்சிருக்கறவா பாதிப் பேர் பழைய ஆட்டத்தையே ஆடிண்டிருப்பா. புதுசு வாங்க மாட்டா. அதையும் சேர்த்துக் கணக்குப் பண்ணணும்." அது நியாயம்தான். அட்டவணை வைத்திருப்பவரைச் சொல்லும், வாங்கப் போகிறவரைச் சொல்லாது. சம்மதம் சொன்னவர்கள் மட்டும்தான் அதில் இருப்பார்கள். ஊர்வாரியாகவும் பிரித்துக் காட்டாது. தாராவிக்கு என்று அதில் ஒரு வரி கிடையாது.

ஆனால் எங்கள் மானத்தை வாங்கிய வரி வேறு இடத்தில் இருந்தது. அதே கணக்கெடுப்பில், திரை அளவுப் பக்கத்தில், பெரும்பாலோர் வைத்திருந்தது சாதாரண முழு எச்டி திரை. நான் நாலு மடங்கு பெரிதாக்கி வைத்திருந்த ஓவியங்களைப் பார்க்க அவர்களிடம் திரையே இல்லை. யாருக்கும் தெரியாத அழகுக்காக மெமரியை நிரப்பி, அதைக் காரணம் காட்டி ஆட்களைத் துரத்தியிருக்கிறேன். ஒரே கணக்கெடுப்பில் எனக்குப் பிடித்த வரியை மட்டும் படித்தேன்.

கடைசியில் இரண்டு கோடுகள் போட்டோம். முதல் வரிக் கார்டு 'பரிந்துரை'க்குப் போனது. 'குறைந்தபட்சம்' கீழே இறங்கி, ஒட்டிப் பிறந்த கிராபிக்ஸ்வரை வந்தது. ஓவியங்களைப் பாதி அளவில், சுருக்கி ஏற்றுவதற்கு ஒரு வழி செய்தேன். பிரதிபலிப்பை நிறுத்திவிட்டு, ஈரத் தகரத்தின் பளபளப்பை ஓவியத்திலேயே தீட்டி வைக்க நினைத்தேன். அதற்கு அவன் கோப்புகளைத் தேடியபோது, அப்படித் தீட்டிய படங்கள் ஏற்கெனவே அங்கே இருந்தன. ஒவ்வொரு கூரைக்கும். கோப்புறைக்கு அவன் வைத்திருந்த பெயர்: 'அவ கேக்கும்போது குடுக்க.'

அன்றைக்கு நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

புதன்கிழமை மத்தியானம் தாராவி. மாடி அறையில் அவன் படம், மாலை, இலையில் வடையும் பாயசமும். சொக்காரர்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். லேப்டாப்பைப் படத்துக்கு எதிரே ஸ்டூலில் வைத்து, என் போனிலிருந்து இணையம் கொடுத்தேன். விசிறி கத்தியது. அம்மா சட்டென்று நிமிர்ந்தார். அந்தச் சத்தம் அந்த வீட்டுக்கும் பழக்கம்தானே.

விளையாட்டு வருவதற்கு முன் ஒரு பெட்டி வந்து மறித்தது. எனக்கு அதை நன்றாகத் தெரியும். இந்த மாதக் கணக்கெடுப்புக்கு அவன் கணக்கைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"என்ன தாயி கேக்கு?"

"இந்தப் பொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்துக்கலாமான்னு கேக்குதும்மா. வெளயாடுறவங்ககிட்ட என்னென்ன இருக்குன்னு கணக்கெடுக்கறாங்க."

"அவனையுமா கேக்காங்க?"

"ஆமாம்மா."

"அப்ப இருக்கான்னு போடு."

வேண்டாம் என்றுதான் அழுத்தியிருக்க வேண்டும். விளையாட ஆளில்லாத கணினியை விளையாட்டுக்காரன் என்று கணக்கில் சேர்ப்பது தப்பு. அந்த வாரம் முழுக்க அட்டவணையை எப்படிப் படிக்க வேண்டும் என்று பார்ட்னருக்குப் பாடம் நடத்தியவள் நான். சரி என்று அழுத்தினேன்.

பிறகு மழை பெய்தது. மெதுவாக, அங்கங்கே ஒரு நொடி திக்கித் திக்கி, ஆனால் நிற்காமல் பெய்தது. அந்தப் பெண் அவர்கள் தெருவின் கூரைகள்மேல் நடந்தாள். "ஏல, அது நம்ம தண்ணி டேங்க்லா" என்றார் அவன் சித்தப்பா. அதுவரை காலத்தை வீணாக்கினான் என்று பேசிக்கொண்டிருந்தவர் அவர்தான். பிறகு எழுந்து வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. விசிறிப் பக்கமாகக் கையை நீட்டி, அதிலிருந்து வந்த சூட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாத அட்டவணை வந்ததும் முதல் வரியைத் தொடாமல் நேரே கீழே இறங்கினேன். அவன் கிராபிக்ஸ் இருக்கும் வரி போன மாதத்தைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. மக்கள் புதுசு வாங்குகிறார்கள், பழசு குறைகிறது, அவ்வளவுதான். "என்னம்மா தேடற?" என்றார் பார்ட்னர்.

"ஒண்ணுமில்ல. எல்லாரும் இருக்காங்களான்னு பார்த்தேன்" என்றேன்.